இரண்டு பாதியாகப் படமெடுத்த பக்கத்தில் அறுபட்ட சொல்லைப் படிப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய தமிழ்ச் செய்தித்தாள்களைத் தட்டச்சில் ஏற்றுகிறவர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் சிக்கல் இது. தாள் பெரியது, கேமராவின் சட்டத்துக்குள் ஒரே முறையில் அடங்காது, எனவே படமெடுத்தவர் இடப்பாதியை ஒரு படமாகவும் வலப்பாதியை இன்னொரு படமாகவும் எடுத்து வைத்திருப்பார். பக்கத்தின் நடுவில் உள்ள பத்தியை நெடுக்காகப் பிளந்துகொண்டு வெட்டு இறங்கியிருக்கும், அந்தப் பத்தியின் ஒவ்வொரு வரியிலும் ஒரு சொல் இரண்டாக அறுந்து நிற்கும். பத்தி என்று இங்கே சொல்வது செய்தித்தாளில் மேலிருந்து கீழாக ஓடும் அச்சுப் பட்டியை. பிளவுபட்ட அந்த ஒரு பத்தியைப் பிழையில்லாமல் எழுத்தில் ஏற்றுவது எப்படி என்பதுதான் இங்கே பேசப்படும் பொருள். 1978க்கு முந்தைய எழுத்து வடிவங்களில் அச்சான தாளையே மனத்தில் கொண்டு எழுதுகிறேன், ஏனெனில் வேலையில் பெரும்பகுதி அந்தக் காலத் தாள்களில்தான் இருக்கிறது.

முதல் வேலை: சொல் உண்மையிலேயே அறுபட்டிருக்கிறதா என்று பாருங்கள்

படமெடுக்கத் தெரிந்தவர் இரண்டு படங்களும் நடுவில் ஒன்றன்மீது ஒன்று ஓரளவு படியும்படி எடுத்திருப்பார். அப்படி எடுத்திருந்தால் இடப்படத்தின் வலது விளிம்பில் அறுந்து தெரியும் சொல், வலப்படத்தின் இடது விளிம்பிலிருந்து சற்று உள்ளே முழுமையாக இருக்கும். ஒரு படத்தை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு தட்டச்சு செய்கிறவருக்கு இது தெரியாது. அவர் அரைச்சொல்லை அப்படியே ஏற்றுவார், மறுபடத்தை ஏற்றுகிறவர் முழுச்சொல்லையும் ஏற்றுவார், இணைத்த பிறகு ‘கூட்டகூட்டத்தில்’ என்பது போன்ற வடிவம் வந்து நிற்கும். ஆகவே இரண்டு படங்களையும் அருகருகே திறந்து வைக்காமல் ஓர் எழுத்தைக்கூடத் தட்டச்சு செய்ய வேண்டாம்.

இரண்டிலும் பொதுவாக உள்ள ஓர் அடையாளத்தைத் தேடுங்கள். பூச்சி அரித்த துளை, மைக்கறை, கால் உடைந்த எழுத்து, பத்திகளுக்கு நடுவே ஓடும் கோட்டில் ஏற்பட்ட முறிவு ஆகிய எதுவும் பயன்படும். சொல்லை மட்டும் அடையாளமாக நம்பக் கூடாது, ‘என்று’ என்ற சொல் ஒரே பத்தியில் பல வரிகளில் வரும். கறையோ துளையோ இரண்டு படங்களிலும் கிடைத்துவிட்டால் படங்கள் ஒன்றன்மீது ஒன்று படிகின்றன என்று பொருள், பிறகு ஒவ்வொரு வரியிலும் எந்தப் படத்தில் சொல் முழுமையாக இருக்கிறதோ அதிலிருந்து படித்தால் போதும். அடையாளம் எதுவும் கிடைக்காவிட்டால் இரண்டு நிலைகளில் ஒன்று: படங்கள் விளிம்போடு விளிம்பாகச் சரியாகப் பொருந்துகின்றன, அல்லது நடுவில் ஒரு கீற்று எந்தப் படத்திலும் பதியாமல் போயிருக்கிறது. தைத்துக் கட்டிய தொகுதிகளில், மடிப்புக்குள் ஒளிந்த எழுத்துகள் இப்படித்தான் காணாமல் போகின்றன. இந்த இரண்டில் எது என்பதைக் கண்ணால் ஊகிக்க வேண்டியதில்லை, அளந்தே சொல்லிவிடலாம்.

காணாமல் போன கீற்றை அளப்பது

செய்தித்தாளின் பத்திகள் ஒரே அகலத்தில் அடுக்கப்பட்டவை என்பதே நமக்குக் கிடைத்திருக்கும் அளவுகோல். வெட்டுப்படாத அடுத்த பத்தியின் அகலத்தை அளந்து, வெட்டுப்பட்ட பத்தியின் இரண்டு துண்டுகளின் அகலங்களையும் கூட்டி, இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஆனால் அதற்கு முன் ஒரு திருத்தம் தேவை. இரண்டு படங்களும் ஒரே உயரத்திலிருந்து எடுக்கப்பட்டவை என்பதற்கு உறுதியில்லை, ஒன்றில் எழுத்து சற்றுப் பெரிதாகவும் மற்றதில் சிறிதாகவும் இருக்கலாம். வரிகளுக்கு இடையிலான தூரம் தாள் முழுவதும் ஒரே சீராக இருக்கும் என்பதால், ஒரே பத்தியில் இருபது வரி இறங்கும் தூரத்தை இரு படங்களிலும் அளந்து அந்த விகிதத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

கிம்ப் போன்ற படமென்பொருள் எதிலும் அளவுக்கருவி இருக்கும். ஓர் உதாரணக் கணக்கைப் பாருங்கள். இடப்படத்தில் இருபது வரிக்கான தூரம் 1040 பிக்சல், வலப்படத்தில் 1000 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வலப்படத்தின் அளவுகளை 1.04 ஆல் பெருக்க வேண்டும். இடப்படத்தில் வெட்டுப்படாத பத்தியின் அகலம் 690 பிக்சல். வெட்டுப்பட்ட பத்தியின் இடத்துண்டு 402 பிக்சல், வலத்துண்டு 260 பிக்சல், திருத்திய பிறகு ஏறக்குறைய 270. கூட்டினால் 672. எனவே 18 பிக்சல் அகலமுள்ள ஒரு கீற்று எந்தப் படத்திலும் இல்லை.

இந்த எண்ணுக்குத் தனியே பொருள் கிடையாது, எழுத்துகளின் அகலத்தோடு வைத்துப் பார்க்கும்போதுதான் அது பேசும். அதே படத்தில் ‘க’ 30 பிக்சல், துணைக்கால் 14, ஓர் எண் 17, சொற்களுக்கு நடுவிலுள்ள வெளி 12 முதல் 20 வரை என்று அளந்து வைத்துக்கொண்டால், ஒரு முழு உயிர்மெய் எழுத்து தொலைந்திருக்க வழியில்லை என்றும், ஒரு கால், ஓர் எண், ஒரு வெளி ஆகியவை தொலைந்திருக்கலாம் என்றும் தெரிந்துவிடுகிறது. பின்னால் எழும் எத்தனையோ சந்தேகங்களை இந்த ஒரு அளவே தீர்த்து வைக்கும்.

பத்தியின் தலையிலும் நடுவிலும் அடியிலும் என மூன்று இடங்களில் அளப்பது நல்லது. தாள் சற்றே சாய்ந்திருந்தால் தொலைந்த கீற்று மேலே மெலிந்தும் கீழே தடித்தும் ஆப்பு வடிவில் இருக்கும், அப்போது மேல்வரிகளுக்குப் பொருந்தும் கணக்கு கீழ்வரிகளுக்குப் பொருந்தாது. தைத்த மடிப்பின் அருகே தாள் வளைந்து இறங்குவதால் அங்குள்ள எழுத்துகள் ஒடுங்கித் தெரியும் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு, ஓர் ஐந்து பிக்சல் முன்பின்னாக இருக்கலாம் என்று ஏற்றுக்கொள்ளுங்கள்.

படங்களை ஒட்டும் மென்பொருளை நம்பலாமா?

இரண்டு படங்களையும் ஒட்டி ஒரே படமாக்கிக்கொண்டால் வேலை எளிது என்று தோன்றும். வரிகளைப் பொருத்திப் பார்ப்பதற்கு அது உதவும், ஆனால் எழுத்தைத் தீர்மானிப்பதற்கு உதவாது என்பது என் கருத்து. இயற்கைக் காட்சிகளை ஒட்டுவதற்கென்று செய்யப்பட்ட மென்பொருள்கள், இரு படங்களும் படியும் இடத்தில் இரண்டையும் கலந்து மழுப்பிவிடும். காட்சிப் படத்தில் இதனால் கேடில்லை. அச்சில், இரண்டு மூன்று பிக்சல் பொருத்தம் பிசகினாலே ‘ன’வின் சுழி இரட்டித்து ‘ண’ போல் தெரியும், புள்ளி ஒன்று கரைந்து மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். கலக்காமல் பக்கத்தில் பக்கம் வைக்க மட்டும் செய்யும் இமேஜ்மேஜிக் மென்பொருளின் கட்டளை ஒன்றே இந்த வேலைக்குப் போதும்:

```
magick 0043_L.png 0043_R.png +append 0043_view.png
```

உயரம் வேறுபட்டால் படங்களில் ஒன்றை முன்பு கண்ட விகிதத்தில் பெரிதாக்கிவிட்டு இதைச் செய்யலாம். கிடைக்கும் படம் பார்வைக்கு மட்டும்தான், ஐயம் வரும் ஒவ்வோர் எழுத்துக்கும் வெட்டித் திருத்தப்படாத மூலப்படத்துக்கே திரும்ப வேண்டும். எழுத்துணரி மென்பொருள் பயன்படுத்துகிறவர்களும் வெட்டுப்பட்ட பத்தியை மட்டும் அதனிடம் விடாமல் கையால் ஏற்றுவது மேல், ஏனெனில் அரை எழுத்தைக் கண்டால் அது தயங்காமல் வேறொரு முழு எழுத்தாக எழுதிவிடும்.

வரியோடு வரியைச் சேர்ப்பது

இரண்டு பாதிகளையும் தனித்தனிக் கோப்புகளில், அச்சில் உள்ளபடி வரிக்கு வரி ஏற்றுங்கள். தெளிவில்லாத வரிக்கும் ஒரு வெற்றுவரி விட வேண்டும், இல்லாவிட்டால் அதற்குக் கீழே உள்ள அனைத்தும் ஒரு படி ஏறிவிடும். அரை எழுத்தை இந்த நிலையில் தீர்மானிக்க முயல வேண்டாம், முழுதாகத் தெரியும் எழுத்துகளை மட்டும் ஏற்றிவிட்டுப் பாதி தெரிவதற்கு ஒரு கேள்விக்குறி இடுங்கள். பிறகு வரிகளைக் கோர்க்க, லினக்ஸ், மேக் கணினிகளில் உள்ள இந்தக் கட்டளை:

```
paste -d '|' 0043_L.txt 0043_R.txt > 0043_join.txt
```

ஒவ்வொரு வரியிலும் வெட்டு விழுந்த இடத்தில் ஒரு நெடுங்கோடு நிற்கும். அந்தக் கோட்டை நீங்களே பார்த்து நீக்கும்வரை அந்த வரி முடியவில்லை என்று கொள்ளலாம்.

இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் நேரும் பிழை, ஒரு வரி தள்ளிச் சேர்ந்துவிடுவது. படம் சாய்ந்திருக்கும்போது இடப்பாதியின் முப்பதாம் வரிக்கு நேராக வலப்பாதியின் முப்பத்தொன்றாம் வரி வந்து நிற்கும். தமிழில் இதைக் கண்டுபிடிக்கப் புணர்ச்சி விதிகளே ஒரு பொறியாக உதவுகின்றன. ‘சக்தி’, ‘சப்தம்’ போன்ற வந்தேறிய சொற்களை விட்டால், இடத்துண்டு ‘க்’ என்று முடிந்தால் வலத்துண்டு ககர வரிசையில்தான் தொடங்கியாக வேண்டும், ‘ச்’ என்றால் சகரம், ‘த்’ என்றால் தகரம், ‘ப்’ என்றால் பகரம். ‘ங்’ என்று முடிந்தால் அடுத்தது பெரும்பாலும் க, ‘ஞ்’ என்றால் ச. மறுபுறம், வலத்துண்டு புள்ளி வைத்த மெய்யிலோ ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகியவற்றிலோ தொடங்கினால், ‘ரயில்’, ‘லாபம்’ போன்ற வந்தேறிய சொற்களை ஒதுக்கிவிட்டுப் பார்க்கும்போது, அது சொல்லின் தொடக்கமாக இருக்க முடியாது, இடத்துண்டின் தொடர்ச்சியே. இப்படிப்பட்ட நான்கைந்து வரிகள் ஒரு பத்தியில் கட்டாயம் இருக்கும். அவை எல்லாம் சரியாகப் பொருந்தினால் வரிசை சரி. அவை எல்லாம் ஒருசேரப் பிசகினால் ஒரு வரி தள்ளியிருக்கிறது. ஒன்று மட்டும் பிசகினால் கோளாறு வரிசையில் இல்லை, அந்த வரியின் எழுத்தைத் தவறாகப் படித்திருக்கிறோம்.

இன்னொன்றையும் இங்கே பிரித்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்து அச்சுக்கோப்பவர், வரி முடியும் இடத்தில் சொல் முடியாவிட்டால் இணைப்புக்கோடு எதுவும் இடாமல் மீதியை அடுத்த வரிக்குக் கொண்டுபோவார். எனவே ஒரு வரியில் இரண்டு விதமான முறிவுகள் இருக்கும்: நடுவில் கேமரா செய்த முறிவு, கடைசியில் அச்சுக்கோப்பவர் செய்த முறிவு. முதல் வகை முறிந்த சொல்லின் மறுபாதி வலப்படத்தில் அதே வரியில் கிடைக்கும், இரண்டாம் வகையின் மறுபாதி இடப்படத்தில் அடுத்த வரியின் தலையில் கிடைக்கும்.

எழுத்தே பிளந்துபோகும்போது

தமிழ் எழுத்தின் அமைப்பு இந்த வேலையை மற்ற பல எழுத்துமுறைகளைவிடக் கடினமாக்குகிறது, அதற்குக் காரணம் கொம்பும் காலும். கெ, கே, கை ஆகியவற்றில் உயிர்க்குறி மெய்க்கு முன்னால் நிற்கிறது, கொ, கோ, கௌ ஆகியவற்றில் இருபுறமும் நிற்கிறது. வெட்டு ஓர் எழுத்துக்குள்ளேயே விழுந்தால், கொம்பு ஒரு படத்திலும் மெய் மறுபடத்திலும் போய்விடும். ‘நாடகமேடை’ என்ற சொல் இரட்டைக் கொம்புக்கு அடுத்து வெட்டுப்பட்டால், இடப்படத்தில் ‘நாடக’ என்பதும் அதன்பின் தனிக் கொம்பும் தெரியும், வலப்படத்தில் ‘மடை’ என்று தெரியும். தெரிவதைத் தெரிகிறபடியே தட்டச்சு செய்தால், கணினி அந்தக் கொம்பை முன்னாலுள்ள ககரத்தோடு சேர்த்து ‘நாடகே’ ஆக்கிவிடும், இணைத்தபின் ‘நாடகேமடை’. ஒருங்குறியில் உயிர்க்குறி எப்போதும் மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது, அச்சில் முன்னால் தெரிவது வெறும் காட்சி ஒழுங்கு. ஆகவே அறுந்த கொம்பை ஒருபோதும் இடக்கோப்பில் ஏற்றக் கூடாது, அந்த எழுத்து முழுவதையும் கோர்த்த கோப்பில் ஒரே எழுத்தாகத் தட்டச்சு செய்ய வேண்டும்.

கால் அறுந்துபோனால் நிலைமை சற்று வேறு. இடக்கோப்பில் ‘கெ’ என்றும் வலக்கோப்பில் தனிக்காலும் ஏற்றி, நடுவில் எதுவும் இல்லாமல் சேர்த்தால், ஒருங்குறியின் சீராக்க விதிப்படி அது ‘கொ’ ஆகிவிடும். நடுவில் ஓர் இடைவெளியோ நெடுங்கோடோ தங்கிவிட்டால் ஆகாது. கௌகாரத்தில் இன்னொரு பொறி இருக்கிறது: அதன் வலப்புறத்துக் குறி பார்வைக்கு ளகரம் போலவே இருப்பதால், வலக்கோப்பை ஏற்றுகிறவர் அதை ‘ள’ என்று அடித்துவிடுவார். திரையில் வேறுபாடு தெரியாது, தேடினால் மட்டும் சொல் அகப்படாது.

உறுப்பற்று நிற்கும் குறிகளைப் பிடிக்க ஒரு சிறு நிரல்:

```python
import re, unicodedata
s = unicodedata.normalize("NFC", open("0043_join.txt", encoding="utf-8").read())
for m in re.finditer(r"(?<![\u0B95-\u0BB9])[\u0BBE-\u0BCD\u0BD7]", s):
    i = m.start()
    print(i, s[max(0, i-10):i+10])
```

மெய் இல்லாமல் தொங்கும் கொம்பு, கால், புள்ளி அனைத்தையும் இது காட்டிக்கொடுக்கும். ஆனால் ‘நாடகேமடை’யையும், ளகரம் போட்ட கௌகாரத்தையும் இது பிடிக்காது, அவற்றில் எழுத்துகள் விதிப்படிதான் இருக்கின்றன. அவற்றுக்குக் கண்தான் துணை.

அடுத்து, எழுத்தின் உருவமே பாதியாக நிற்கும் இடங்கள். ணகரத்தின் இடப்பகுதி மட்டும் தெரிந்தால் அது னகரமாகவே படும், சுழி எத்தனை என்பது முழு உருவத்தைப் பார்த்தால்தான் தெரியும். மேல்விலங்கும் அதன் சுழியும் எழுத்தின் வலக்கோடியில் இருப்பதால் ‘கி’, ‘கீ’ என்ற வேறுபாடு வெட்டில் அழிந்துவிடும், அப்போது வலப்படத்தின் விளிம்பில் வரியின் தலையளவில் ஒரு சிறு வளைவு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். 1978ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்கு முந்தைய தாள்களில் ணா, றா, னா ஆகியவை தனிக்கால் இல்லாமல், மெய்யின் வலக்கோடியில் வளைந்த கொக்கியோடு ஒரே உருவாக இருந்தன. அந்தக் கொக்கி அறுந்தால் ‘னா’ வெறும் ‘ன’ ஆகித் தெரியும். அதேபோல் துதிக்கை வடிவத்து ணை, லை, ளை, னை ஆகியவற்றில் துதிக்கை எழுத்தின் இடப்புறத்தில் இருக்கிறது, அது மறுபடத்தில் தங்கிவிட்டால் வலப்படத்தில் ‘ல’ மட்டுமே மிஞ்சும். புதிய எழுத்தில் மட்டும் பழகியவர் இந்த இடத்தில் எதையோ இழந்திருக்கிறோம் என்ற சந்தேகமே இல்லாமல் கடந்துபோவார்.

ஒரு பத்தியில் ஐந்து வரிகள்

மேலே அளந்த 18 பிக்சல் கீற்று தொலைந்த பத்தியில், விளக்கத்துக்காக நான் அமைத்த ஐந்து வரிகளைக் கொண்டு இதைச் செய்து பார்ப்போம். கோர்த்த கோப்பில் அவை இப்படி நிற்கின்றன:

சென்ற வெள்ளிக்கிழமை ம|லை ஆறு மணிக்கு
நகர மண்டபத்தில் பொதுக்|கூட்டம் நடந்தது.
பெரியோர் பலர் வந்திருந்த|?ர். குளத்தைத் தூர்
வாரியாக வேண்டுமென்?|றாருவர் கூற, அதற்
குச் செலவாக ரூ. 2|0 வசூலிப்பதெனத்

இரண்டாம் வரியில் தொடங்குவதே வசதி. ‘பொதுக்’ என்பது ககரத்தைக் கேட்கிறது, வலத்துண்டு ‘கூ’ என்று தொடங்குகிறது. ஒரு வரி மேலே தள்ளினால் ‘லை’யும் கீழே தள்ளினால் ‘ர்’ என்ற மெய்யும் எதிர்ப்படும், இரண்டும் பொருந்தா. எனவே வரிசை சரி. இங்கே தொலைந்த 18 பிக்சல் என்ன? ‘க்’, ‘கூ’ இரண்டும் முழுமையாகத் தெரிகின்றன, நடுவில் எழுத்து எதுவும் தேவையில்லை, ஆகவே தொலைந்தது சொல்லிடைவெளி. ‘பொதுக் கூட்டம்’ என்று இடைவெளி விட்டு எழுதலாம்.

முதல் வரியை நெடுங்கோட்டை மட்டும் நீக்கிவிட்டுச் சேர்த்தால் ‘மலை’ வருகிறது. அது நல்ல தமிழ்ச்சொல், எழுத்துப்பிழை திருத்தி எதுவும் அதை மறுக்காது. ஆனால் ‘ம’வும் ‘லை’யும் இரண்டும் முழுதாக இருக்க, அவற்றுக்கு நடுவே 18 பிக்சல் வெறுமை ஒரே சொல்லுக்குள் இருந்திருக்க முடியாது. 14 பிக்சல் துணைக்காலும் இருபுறத்துச் சிறு வெளியும் அங்கே சரியாக அமர்கின்றன. ‘மாலை’ என்று பொருளும் ஒத்துக்கொள்கிறது, அளவும் ஒத்துக்கொள்கிறது. பொருளை மட்டும் கொண்டு திருத்துவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நான் பெரிதாக மதிக்கிறேன், ஏனெனில் பொருளை மட்டும் நம்பித் திருத்துகிறவர் ஆசிரியர் எழுதிய அபூர்வச் சொல்லையும் தமக்குத் தெரிந்த சொல்லாக மாற்றிவிடுவார்.

மூன்றாம் வரியில் தகரத்துக்கு அடுத்த எழுத்தின் இடப்பகுதி கீற்றோடு போய்விட்டது, வலப்படத்தில் ஒரு சுழியும் மேற்கோட்டின் முடிவும் மட்டும் தெரிகின்றன. அது னகரமாகவும் இருக்கலாம், ணகரமாகவும் இருக்கலாம். உருவம் சொல்லாததை இலக்கணம் சொல்கிறது: ‘வந்திருந்தனர்’ என்ற பன்மை வினைமுற்றில் னகரத்துக்குத்தான் இடம்.

நான்காம் வரியின் வலத்துண்டு ‘றாருவர்’ என்று தொடங்குவது போல் தோன்றுகிறது. றகரம் மொழிக்கு முதலில் வராது, எனவே இது தொடர்ச்சி. இடப்படத்தின் விளிம்பில் கேள்விக்குறி இட்ட இடத்தைப் பெரிதாக்கினால், ஒற்றைக் கொம்பின் சுழி தெரிகிறது, அதன் வலக்கோடு இல்லை. கொம்பு, பழைய வடிவ றா, இரண்டையும் சேர்த்தால் ‘றொ’. வரி ‘வேண்டுமென்றொருவர்’ ஆகிறது. கொம்பு ஒற்றையா இரட்டையா என்ற ஐயம் எழுந்தால், ‘ஒருவர்’ என்பதில் குறில் இருப்பது அதைத் தீர்த்துவிடும்.

ஐந்தாம் வரியில் இலக்கணத்தின் கை ஓங்காது. ‘ரூ. 20’ என்று சேர்த்துவிடுவது எளிது, படிக்கிறவர் யாரும் கேள்வி கேட்கமாட்டார். ஆனால் ‘2’ம் ‘0’வும் முழுமையாகத் தெரிகின்றன, பக்கத்தில் மற்ற எண்களுக்கு நடுவே உள்ள வெளி மூன்று பிக்சல்தான், இங்கோ 18 பிக்சல் தொலைந்திருக்கிறது. ஓர் எண்ணின் அகலம் 17. நடுவில் ஓர் எண் இருந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும், தொகை 200க்கும் 290க்கும் இடையில் ஏதோ ஒன்று. அந்த எண் எது என்று இந்தப் படங்கள் சொல்லா. அதை நிரப்ப நமக்கு உரிமையும் இல்லை. அதே செய்தி தொடரும் பின்னிதழில் தொகை மீண்டும் வருகிறதா என்று பார்க்கலாம், இல்லையேல் வேறொரு படியைத் தேட வேண்டும். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கன்னிமாரா பொது நூலகம் ஆகியவற்றில் பழைய இதழ்கள் உள்ளன, ஈழத்து இதழ்களுக்கு ‘நூலகம்’ என்ற இணையதளம் இருக்கிறது. இன்னொரு படியில் வெட்டு வேறிடத்தில் விழுந்திருக்கும் வாய்ப்பு அதிகம். எண்களுக்கு மட்டுமின்றி ஆள்பெயர், ஊர்ப்பெயர், தேதி ஆகியவற்றுக்கும் இதே கட்டுப்பாடுதான்.

மேல்பாதி, கீழ்பாதி என்று எடுத்திருந்தால்

சில தாள்கள் நெடுக்காகப் பிளக்கப்படாமல், மேல்பாதி ஒரு படமாகவும் கீழ்பாதி ஒரு படமாகவும் இருக்கும். அப்போது ஒவ்வொரு பத்தியிலும் ஒரே ஒரு வரிதான் அடிபடும், ஆனால் அந்த வரி முழுவதும் அடிபடும். புள்ளியும் மேல்விலங்கும் மேல்படத்தில் தங்கும், உகர ஊகார வளைவுகளும் ரகரத்தின் சாய்ந்த வாலும் ஏகாரத்தின் கீழ்க்கோடும் கீழ்ப்படத்தில் தங்கும். மேல்படத்தை மட்டும் பார்த்தால் ‘கு’ என்பது ககரமாகவும், ‘ர’ என்பது காலாகவும், ‘ஏ’ என்பது எகரமாகவும் தெரியும். இந்த ஒரு வரியை இரண்டு முறை தட்டச்சு செய்து, ஒன்றில் மேலே தெரிவதை மட்டும், மற்றதில் கீழே தெரிவதை மட்டும் ஏற்றி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதே விரைவான வழி. ஓர் எழுத்தில் இரண்டும் முரண்பட்டால் அநேகமாகக் கீழ்ப்படமே சரியாக இருக்கும், புள்ளி, மேல்விலங்கு பற்றிய ஐயத்தில் மட்டும் மேல்படத்தின் சொல்லைக் கேளுங்கள்.

எப்படிப் பதிவு செய்வது

அறுபட்ட சொல்லை இறுதிப் பிரதியில் ஒருமுறைதான், முழுமையாக எழுத வேண்டும். படத்துக்கொரு கோப்பு என்ற முறையில் வைத்திருப்பவர்கள், சொல் எந்தப் பாதியில் தொடங்குகிறதோ அங்கே முழுதாக எழுதிவிட்டு, மறுபாதியின் கோப்பில் அந்தத் துண்டை நீக்கிவிடலாம். இரு படங்களிலிருந்தும் கண்ணால் கண்டு சேர்த்த எழுத்துகளுக்கு எந்த அடையாளமும் தேவையில்லை, வெட்டு என்பது படத்தின் குறையே அன்றித் தாளின் குறையன்று. தெரியாத எழுத்தை நாமாக ஊகித்து நிரப்பியிருந்தால் பகர அடைப்பு இட வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது, தொலைந்தது கால் மட்டுமே என்றாலும் காலை மட்டும் அடைப்புக்குள் இட முடியாது, அது மெய்யை விட்டுப் பிரிந்து புள்ளிவட்டத்தோடு நிற்கும். எழுத்து முழுவதையும் அடைத்து, எது தெரிந்தது எது தொலைந்தது என்பதைக் குறிப்பில் எழுதுங்கள். நிரப்ப இயலாத இடத்தை வெற்றடைப்பாகவே விட்டுவிடுங்கள். நம் ஐந்து வரிகள் கடைசியில் இப்படி அமையும்:

சென்ற வெள்ளிக்கிழமை [மா]லை ஆறு மணிக்கு நகர மண்டபத்தில் பொதுக் கூட்டம் நடந்தது. பெரியோர் பலர் வந்திருந்த[ன]ர். குளத்தைத் தூர் வாரியாக வேண்டுமென்றொருவர் கூற, அதற்குச் செலவாக ரூ. 2[…]0 வசூலிப்பதெனத்

இதன் கீழே மூன்று குறிப்புகள் வேண்டும். ‘மாலை: ம, லை தெரிகின்றன, கால் தெரியவில்லை, நடுவே 18 பிக்சல் கீற்று எந்தப் படத்திலும் இல்லை.’ ‘வந்திருந்தனர்: னகரத்தின் வலப்பகுதி மட்டும் தெரிகிறது.’ ‘ரூ. 2[…]0: நடுவில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது, வேறு படியோடு ஒப்பிடவில்லை.’ ‘றொ’வுக்குக் குறிப்பு வேண்டாம் என்பேன், கொம்பும் றகரமும் இரண்டு படங்களிலுமாகக் கண்ணுக்குத் தெரிகின்றன. மூலப்படங்களின் கோப்புப் பெயர்களையும் குறிப்போடு சேர்த்துவிட்டால், பின்னால் வேறொரு படி கையில் கிடைத்தவர் நேரே அந்த மூன்று இடங்களுக்குப் போய்ப் பார்த்துவிடலாம், பத்தி முழுவதையும் மீண்டும் படிக்க வேண்டியிராது.